ஆப்ஷன் ஒப்பந்தம்: நாவல் திரைக்குப் போகும் வழியில் ஒரு நல்ல கருவியும் அதன் ஓட்டையும்

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படமாக்கும் உரிமையை 1958இல் எம்.ஜி.ஆர். வாங்கினார். அந்தப் படம் வரவே இல்லை. மணிரத்னத்தின் படம் 2022இல் வந்தபோது கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகி ஆண்டுகள் பல கடந்திருந்தன. அவர் 1954இல் மறைந்ததால், இறந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் என்ற பதிப்புரிமைக் காலமும் 2014 முடிவோடு தீர்ந்திருந்தது. பெரும்பாலான நாவல்களுக்கு இந்த வசதி கிடையாது. 1990இல் மறைந்த ஓர் எழுத்தாளரின் நாவலை 2050 முடியும்வரை அனுமதியில்லாமல் தொட முடியாது.

எந்த இடத்தில் அனுமதி தேவைப்படுகிறது என்பதிலேயே பலருக்குக் குழப்பம் இருக்கிறது. டிக்கெட் விற்றால்தான் சிக்கல், திரைவிழாவில் இலவசமாகக் காட்டினால் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஓர் எழுத்தைத் திரைப்படமாக எடுப்பதையே எழுத்தாளருக்குரிய உரிமையாக வைத்திருக்கிறது. ஆகவே மீறல் திரையிடலுக்காகக் காத்திருப்பதில்லை. தணிக்கைச் சான்றிதழ் கையில் இருப்பதும் கதை உரிமைக்குச் சான்றாகாது.

படம் நிச்சயமாக நடக்கும் என்று தெரிவதற்கு முன்பே முழு விலை கொடுத்து உரிமையை வாங்க எந்தத் தயாரிப்பாளருக்கும் மனம் வராது. உரிமை கையில் இல்லாமல் நடிகரிடமோ முதலீட்டாளரிடமோ போகவும் முடியாது. இந்த இடைவெளிக்காக ஹாலிவுட்டில் வளர்ந்து, இப்போது இங்கேயும் பழக்கமாகிவரும் ஏற்பாடுதான் ஆப்ஷன் ஒப்பந்தம். ஒரு சிறு தொகை கொடுத்தால், குறிப்பிட்ட காலத்துக்கு அந்த நாவலை வேறு யாருக்கும் விற்க முடியாதபடி அது நிறுத்திவைக்கும்.

ஒரு கணக்கை வைத்துப் பார்க்கலாம். நாவலின் விலை இருபது லட்சம் ரூபாய் என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். தயாரிப்பாளர் இரண்டு லட்சம் கொடுத்துப் பதினெட்டு மாத ஆப்ஷன் எடுக்கிறார். விலையில் பத்தில் ஒரு பங்கு என்பது ஹாலிவுட்டில் பரவலாக உள்ள வழக்கம். இந்தக் காலத்துக்குள் திரைக்கதை எழுதலாம், பணம் திரட்டலாம். படம் கூடிவந்தால், கெடு முடிவதற்குள் எழுத்துமூலம் அறிவித்து மீதிப் பதினெட்டு லட்சத்தைக் கொடுத்தால் உரிமை அவருக்கு மாறிவிடும். கூடிவரவில்லை என்றால், இன்னும் இரண்டு லட்சம் கொடுத்துப் பன்னிரண்டு மாதம் நீட்டிக்கலாம். முதல் தொகையை விலையில் கழிப்பதும் நீட்டிப்புத் தொகையைக் கழிக்காமல் விடுவதும் நியாயமான ஏற்பாடு. தாமதத்தின் செலவை யார் தாமதிக்கிறாரோ அவர்தான் ஏற்க வேண்டும். கெடுவும் கறாரானது. ஒருநாள் தவறினாலும் நாவல் எழுத்தாளரிடமே திரும்பிவிடும், வாங்கிய பணத்தை அவர் திருப்பித்தர வேண்டியதில்லை.

இதன் பலம் இதுதான்: படம் நடக்காமல் போனாலும் எழுத்தாளர் வெறுங்கையோடு நிற்பதில்லை, தயாரிப்பாளரும் இருபது லட்சத்தை இழப்பதில்லை. ஆனால் இது வேலை செய்ய, வாங்கும்போது பொருந்த வேண்டிய எல்லா நிபந்தனைகளும் ஆப்ஷன் தாளோடேயே முடிவாகியிருக்க வேண்டும். விலை, மொழி, நிலப்பரப்பு, ஓடிடி, தொடர், மறுஆக்கம் எல்லாமே அதில் வர வேண்டும். 'விலையைப் பிறகு பேசிக்கொள்வோம்' என்று எழுதிய தாள் பின்னால் ஒப்பந்தமிட ஒப்புக்கொள்ளும் வாக்குறுதி மட்டுமே. நிச்சயமற்ற உடன்படிக்கை செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம். தயாரிப்பாளர் கொடுத்த பணத்துக்கு அங்கே பாதுகாப்பே இல்லை.

இனி ஓட்டைக்கு வருகிறேன். நம் சட்டத்தின் 19ஆம் பிரிவில் எழுத்தாளருக்குச் சாதகமான, ஆனால் பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும். எத்தனை ஆண்டு என்று எழுதவில்லையென்றால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்பு என்று எழுதவில்லையென்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்கிறது. வெள்ளைத்தாளில் இரண்டு வரி எழுதி, 'உரிமை வாங்கிவிட்டேன்' என்று பல ஆண்டு நிம்மதியாக இருக்கும் தயாரிப்பாளரிடம் உண்மையில் எதுவும் மிஞ்சியிருக்காமல் போகலாம்.

வழக்கறிஞர்கள் இதை நன்றாக அறிவார்கள். அதனால்தான் திரைப்பட ஒப்பந்தங்களில் '19(4) பொருந்தாது' என்ற வரி வழக்கமாக இடம்பெறுகிறது. எழுத்தாளர்கள் படிக்காமல் கையெழுத்திடும் வரியும் அதுதான். ஆப்ஷன் காலத்தில் கெடு இருக்கிறது. ஆனால் மீதிப் பணத்தைக் கொடுத்து உரிமையை வாங்கிய மறுநாள் முதல் கெடுவே இல்லை. அந்த வரியோடு உரிமைக் காலத்தையும் நிரந்தரம் என்று எழுதியிருந்தால், படம் எடுக்காமலே நாவலை என்றென்றைக்கும் பூட்டிவைக்கலாம். என் பார்வையில் இந்த ஒப்பந்த முறையின் பெரிய குறை இதுவே. எடுத்து முடித்த படத்தைக் காலமெல்லாம் திரையிட உரிமை வேண்டும் என்பது நியாயம். எடுக்காத படத்துக்கு அது நியாயமில்லை. வாங்கிய பின் மூன்றாண்டுக்குள் படப்பிடிப்பு தொடங்கவில்லையென்றால் உரிமை எழுத்தாளருக்கே திரும்பும் என்ற ஒரு பத்தி இந்தக் குறையைத் தீர்க்கும். தயாரிப்பாளருக்கு இதனால் நட்டமில்லை. தேவைப்பட்டால், அதுவரை திரைக்கதைக்குச் செய்த செலவை அடுத்து வாங்குபவர் ஈடுகட்ட வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளலாம். இது இல்லையென்றால் திரைக்கதை ஒருவரிடமும் நாவல் இன்னொருவரிடமும் இருந்து, இருவரும் எதுவும் செய்ய முடியாத நிலை வரும்.

ஆப்ஷனுக்கு முன் செய்ய வேண்டிய வேலை, மனை வாங்குபவர் தாய்ப்பத்திரம் பார்ப்பதைப் போன்றது. விற்பவர்தான் உண்மையில் உரிமையாளரா? நூலின் உள்பக்கத்தில் 'உரிமை பதிப்பகத்துக்கே' என்று அச்சிட்டிருப்பது எதையும் மாற்றிக் கொடுப்பதில்லை. எழுத்தாளர் கையெழுத்திட்ட எழுத்துமூலமான ஆவணம் இருந்தால்தான் மாற்றம் செல்லும். பத்திரிகையில் தொடராக வந்ததும் ஒரு கண்ணிதான். பத்திரிகையில் வேலை செய்துகொண்டே எழுதியிருந்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பத்திரிகைக்குக் கிடைப்பது இதழில் வெளியிடும் உரிமை மட்டும். திரைப்பட உரிமை எழுத்தாளரிடமே இருக்கும். மேலே சொன்ன ஓராண்டு, ஐந்தாண்டு விதிகள் 1994 திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது. ஆகவே எழுபதுகளில் எழுதிக் கொடுத்த தாள் இருந்தால், அதன் சொற்களையே படித்து முடிவெடுக்க வேண்டும். எழுத்தாளர் மறைந்திருந்தால் வாரிசுகள் எல்லோருமே கையெழுத்திட வேண்டும். தொடர்பில்லாமல் போன ஒரு மகளோ பேரனோ, பட வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் நீதிமன்றத்தில் வந்து நிற்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒன்று எஞ்சுகிறது. மன்னு பண்டாரியின் 'ஆப் கா பண்டி' நாவல் 'சமய் கி தாரா' என்ற படமானபோது, தன் கதை சிதைக்கப்பட்டதாக அவர் தில்லி உயர் நீதிமன்றம் போனார். உரிமையை விற்றிருந்தும், 57ஆம் பிரிவு எழுத்தாளருக்குத் தரும் சிறப்புரிமை அதனால் அழிவதில்லை என்று 1986இல் நீதிமன்றம் சொன்னது. 1994 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றம் எழுத்தாளரின் மதிப்பையோ பெயரையோ கெடுப்பதாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு குறுகியது. ஆனாலும் முடிவு மாற்றப்படுமா, பாத்திரம் நீக்கப்படுமா, மறுப்புத் தெரிவிக்க எழுத்தாளருக்கு எத்தனை நாள் என்பதை ஆப்ஷன் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது. திரைக்கதை முடிந்ததும் எழுத்தாளரிடம் காட்டி எழுத்துமூலம் ஒப்புதல் பெறும் தயாரிப்பாளர், அவருடைய கருத்தைக் கேட்பதோடு முன்கூட்டியே ஓர் ஆவணத்தையும் உருவாக்கிக்கொள்கிறார். பின்னர் வழக்கு வந்தால், எழுத்தாளர் எதற்கு ஒப்புக்கொண்டார், எதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்பதை அந்தத் தாள் சொல்லும்.