கை காட்டினா சுரம் வந்துடுமா?

குழந்தைகளுக்கு ச ரி க ம சொல்லிக்கொடுக்கும் காணொளிகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு பாணி தெரியும். ஆசிரியர் இடுப்பில் கை வைத்து "ச" என்பார், கொஞ்சம் மேலே தூக்கி "ரி", இன்னும் கொஞ்சம் தூக்கி "க". ஏழு சுரம், ஏழு சமமான படி. கூடவே ஒரு கதை: ச மயில், ரி காளை, க ஆடு, ம அன்றில், ப குயில், த குதிரை, நி யானை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்கிறார்கள். ஆனா எதைக் கற்றுக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் ஏழு பெயர்களின் வரிசையை மட்டும்தான். சுரத்தை அல்ல.

முதலில் கதையை எடுத்துக்கொள்வோம். விலங்குப் பட்டியல் பழைய சங்கீத நூல்களிலேயே இருப்பதுதான், இன்றைய ஆசிரியர்கள் கண்டுபிடித்ததல்ல. ஆனால் ஒரு ஆறு வயசுப் பிள்ளையின் காதில் இது எப்படி விழும்? யானை என்றால் அதற்குக் கனமான, தாழ்ந்த குரல்தான் ஞாபகம் வரும். பட்டியலிலோ யானைக்கு நி, ஏழிலும் உயரமான சுரம். மயிலின் அகவல் காதைக் கிழிக்கும் உச்சக் குரல். அதுக்குக் கிடைத்திருப்பது ச, ஏழிலும் தாழ்ந்த சுரம். பிள்ளையின் காது சொல்வதும் கதை சொல்வதும் எதிர்எதிராக நிற்கின்றன. பெயர் மனப்பாடமாகும், குரல் எங்கே போய் நிற்கணும் என்பதற்கு ஒரு துப்பும் கிடைக்காது.

இப்போ கை. சுரத்துக்குக் கைச்சைகை என்ற முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் கர்வன் என்ற பாதிரியார். நார்விச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் உருவாக்கிய சுர முறையை எடுத்து, எளிமையாக்கி, 1870ஐ ஒட்டிய காலத்தில் அதோடு கைச்சைகைகளைச் சேர்த்தார். 20ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியின் சோல்தான் கோடாய் வழி வந்த ஆசிரியர்கள் அதை எடுத்துக்கொண்டு, சுரம் ஏற ஏறக் கையும் உயர வேண்டும் என்பதையும் நிலைநிறுத்தினார்கள்.

கர்வனின் சைகைகளில் கவனிக்க வேண்டியது உயரத்தைவிட வடிவம்தான். அவருடைய 'டோ' மூடிய முட்டி, அசையாத வீடு மாதிரி. 'மீ' தரையைப் பார்த்து விரித்த உள்ளங்கை, அமைதியாகத் தங்குகிற இடம். 'ஃபா' கட்டைவிரல் கீழ்நோக்கி, ஏன்னா அந்தச் சுரம் கீழே இருக்கும் மீயை நோக்கிச் சரியும். 'டீ' மேலே நீட்டிய சுட்டுவிரல், ஏன்னா அது மேல் டோவுக்கு ஏறத் துடிக்கும். அதாவது ஒவ்வொரு சைகையும் ஒரு சுரத்துக்குப் பக்கத்துச் சுரத்தோடு என்ன உறவு என்பதைச் சொல்கிறது. முறையின் உயிர் அங்கேதான் இருக்கு.

இதை அப்படியே நம் வகுப்புக்குக் கொண்டுவரலாமா? ஒரு விஷயம் பொருந்துகிறது. அவருடைய டோ எந்தச் சுருதியிலும் உட்காரலாம், நம்ம ச மாதிரியே. இன்னொன்று இடிக்கிறது. கர்வனின் சைகைகள் நாம் சங்கராபரணம் என்று சொல்லும் சுர அமைப்புக்காக உருவானவை. நாம் பிள்ளைகளுக்குத் தொடங்குவதோ மாயாமாளவகௌளையில்.

ஹார்மோனியத்தில் இதைப் பார்த்துவிடலாம். கறுப்பு வெள்ளை பேதம் பார்க்காமல் அடுத்தடுத்த கட்டைகளை எண்ணுங்கள். ச முதல் கட்டை என்றால் மாயாமாளவகௌளையின் ரி இரண்டாவது, க ஐந்தாவது, ம ஆறாவது, ப எட்டாவது, த ஒன்பதாவது, நி பன்னிரண்டாவது, மேல் ச பதின்மூன்றாவது. இடைவெளிகளை மட்டும் எழுதினால் 1, 3, 1, 2, 1, 3, 1. சமமான படி எங்கேயுமே இல்லை.

சமமான படியாகக் கையைத் தூக்கினால் என்ன ஆகும்? குரலும் ரியைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடும். ரி மூன்றாவது கட்டைக்கும், த பத்தாவது கட்டைக்கும் போய்விடும். க, ம, ப, நி நான்கும் இரண்டு ராகத்துக்கும் பொதுவானவை என்பதால், பிள்ளை பாடுவது முழுசா சங்கராபரணம் ஆகிவிடும். வரிசை சரியாக இருப்பதால் யாருக்கும் தப்பு தெரியாது. ச-வையும் ரி-யையும் மட்டும் தனியாகப் பாடச் சொல்லி, இரண்டாவது கட்டையைத் தொட்டுப் பாருங்கள். குரலும் கட்டையும் உரசினால் விஷயம் அதுதான்.

சரி, என்ன பண்ணலாம்? கை இடைவெளியைக் காட்டட்டும், கதை உறவைச் சொல்லட்டும். ஒரு கட்டைக்கு இரண்டு விரற்கடை உயரம் என்று வைத்துக்கொண்டால், ச-விலிருந்து ரி இரண்டே விரல், ரியிலிருந்து க ஆறு விரல். பிள்ளையின் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

கதைக்கு மயிலும் யானையும் வேண்டாம், ஒரு தெரு போதும். அதில் நாலு பெரியவங்க: ச, ம, ப, மேல் ச. நாலு பிள்ளைங்க: ரி, க, த, நி. ரி ச-வின் தோளை ஒட்டி நிற்கிறான். க ம-வின் காலடியில் உட்கார்ந்திருக்கிறாள். த ப-வின் தோளை ஒட்டி, நி மேல் ச-வின் காலடியில். ஒவ்வொரு பிள்ளையும் யாரோ ஒரு பெரியவரை ஒட்டித்தான் இருக்கு. கீழ்ப்பாதியில் இருக்கும் ஏற்பாடே மேல்பாதியிலும் இருப்பதைச் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளை கண்டுபிடிக்கும். ச ரி க ம பாடிய குரல் ப த நி ச பாடும்போது அதே பாதையைத்தான் மறுபடி நடக்கிறது. பிறகு சங்கராபரணம் வரும்போது புதுக் கதை தேவையில்லை: ரியும் தவும் பெரியவரை விட்டு ஒரு கட்டை மேலே தள்ளி நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

கற்றுக்கொடுக்கும்போது அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. ஆசிரியர் கையையும் காட்டி, கூடவே பாடியும் விடுகிறார். அப்போ பிள்ளை குரலைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிறது, கை வெறும் அலங்காரம். தம்புரா மட்டும் ஒலிக்கட்டும், ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் காட்டட்டும். முதலில் ச, ப, மேல் ச. அது நின்ற பிறகு ச ரி ச, ப த ப. அதற்கப்புறம் ம க ம. கடைசியில் ச-விலிருந்து நேராக க-வுக்குத் தாவிப் பாருங்கள். பிள்ளையின் உதடு "ச ரி க" என்று முணுமுணுத்துவிட்டு க-வைப் பிடித்தால், அதுக்கு இன்னும் வரிசைதான் தெரியும். உடனே பிடித்தால் க அதன் காதில் இருக்கு.

இதற்கு இரண்டு எல்லைகள். நம் வகுப்பில் கைக்கு ஏற்கெனவே தாளம் போடுகிற வேலை இருக்கிறது. சரளி வரிசையை ஆதி தாளத்தில் பாடும்போது சுரச் சைகையையும் சேர்த்தால் இரண்டுமே கெடும். பாடம் தொடங்கும் முன் தாளமில்லாமல் ஐந்து நிமிடம் போதும். இரண்டாவது, இந்தக் கை அசையாமல் நிற்கும் சுரத்தை மட்டுமே காட்டும். தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, அசைவுதான் அந்தச் சுரமே. அங்கே வந்ததும் சைகையைக் கீழே வைத்துவிட்டுக் காதை நம்ப வேண்டியதுதான்.