நாக்கு விழும் ஓசை

கதவு சாத்தும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். நன்றாகப் பொருத்திய கதவில் ஒரே ஓசைதான் எழும்: பூட்டின் நாக்கு தகட்டுத் துளைக்குள் விழுகிற ‘டக்’. அது அத்தோடு முடிந்துவிடும். சரியாகப் பொருத்தாத கதவில் அந்த ‘டக்’குக்குப் பிறகும் இன்னொரு சத்தம் மிச்சம் இருக்கும். எதிர் ஜன்னலில் காற்று வீசினால் போதும், பூட்டிய கதவே இரவெல்லாம் லொடலொடவென்று ஆடும்.

எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவு அப்படித்தான் இரண்டு வருடம் ஆடியது. தேக்கு நிலை, தேக்குக் கதவு, நல்ல பித்தளைப் பூட்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே குறையில்லாதது. குறை இருந்தது நிலையில் பதித்த தகட்டின் இடத்தில். கடையில் ஸ்ட்ரைக்கர் பிளேட் என்று கேட்டால் தருவார்களே, அந்தத் தகடு.

அதைச் சரிசெய்ய வந்த ஆசாரி முதலில் பெட்டியைத் திறக்கவேயில்லை. கதவைச் சாத்தி, பூட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளினார், இழுத்தார். பிறகு என்னிடம், “விசிட்டிங் கார்டு இருக்குமா சார், பழசா ஒரு கத்தை?” என்று கேட்டார். கதவு மூடும்போது போய் முட்டி நிற்க நிலையில் காடி எடுத்திருப்பார்கள். அந்தக் காடிக்கும் கதவுக்கும் நடுவில், பூட்டு இருக்கிற உயரத்திலேயே, அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகிச் செருகிக் கதவைச் சாத்திப் பார்த்தார். கத்தை கொஞ்சம் தடித்ததும் ஆட்டம் நின்றது. எடுத்து ஸ்கேலில் வைத்தார். மூன்று மில்லிமீட்டர்.

அந்த மூன்று மில்லிமீட்டர்தான் இரவெல்லாம் எங்களை எழுப்பிய சத்தம். நாக்கின் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தட்டை. கதவு மூடும்போது சரிவுப் பக்கம் தகட்டின் உதட்டில் ஏறி வழுக்கி உள்ளே போகிறது. துளை வந்ததும் சுருள்வில் நாக்கை வெளியே தள்ளுகிறது. அதன்பின் கதவை யாராவது இழுத்தால், நாக்கின் தட்டைப் பக்கம் துளையின் முன் விளிம்பில் முட்டித் தடுக்கிறது. தகட்டில் வேலை செய்வது அந்த ஒரே விளிம்புதான். மற்றதெல்லாம் அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிற உலோகம். காடியிலிருந்து அந்த விளிம்பு வரைக்கும் உள்ள தூரமும், கதவின் முகத்திலிருந்து நாக்கின் தட்டைப் பக்கம் வரைக்கும் உள்ள தூரமும் ஒன்றாக இருந்தால் கதவு ஆடாது. எங்கள் கதவில் கதவு முகத்திலிருந்து நாக்கு 22 மில்லிமீட்டர், காடியிலிருந்து விளிம்பு 25. விளிம்பு 22-க்கும் குறைவாக இருந்திருந்தால் வேறு தொல்லை: நாக்கு துளைக்குள் விழவே விழாது, தோளால் இடித்துத்தான் சாத்த வேண்டியிருக்கும்.

காடியில் பஞ்சு நாடா ஒட்டி இந்த இடைவெளியை அடைக்கிறவர்கள் உண்டு. கொஞ்ச நாள் சத்தம் அடங்கும். பஞ்சு அமுங்கியதும் பழைய லொடலொட திரும்பிவிடும். தகட்டை நகர்த்துவதுதான் வேலை என்று நான் சொல்வேன்.

எவ்வளவு நகர்த்துவது? மூன்று முழுதாக வேண்டாம், இரண்டரை போதும் என்றார் ஆசாரி. ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து ஊதும்போது அந்த அரை மில்லிமீட்டர் தேவைப்படும். அதை விடாமல் இறுக்கிப் பொருத்தினால் கோடையில் அருமையாக இருக்கும் கதவு மழைக்காலத்தில் பூட்டாது.

தகட்டைக் கழற்றினார். அதைப் புதிய இடத்தில் வைத்து, பென்சிலைத் தொடாமல், கூர்க்கத்தியால் ஓரம் கிழித்தார். நான் ரசிக்கிற கட்டம் இதுதான். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு. அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் வெட்டுவது என்ற சந்தேகமும் கூடவே வரும். கத்திக்கோடு மரத்தின் நாரையே அறுத்துவிடுகிறது. உளியின் முனையை அதில் வைத்தால் தானாகப் போய் உட்காரும். ஒரே அழுத்தில் ஆழமாகக் கிழிக்கவில்லை அவர். முதல் தடவை வெறுமனே தடவியதுபோல, இரண்டாவது சற்று அழுத்தி, மூன்றாவது முழுதாக. தேக்கின் ரேகையோடு போகிற நீளக்கோட்டில் முதலிலேயே அழுத்தினால் கத்தி ரேகையைப் பிடித்துக்கொண்டு தன் போக்கில் ஓடிவிடும்.

பிறகு முக்கால் அங்குல உளி. தட்டைப் பக்கம் கோட்டை நோக்கியும் சரிவு கழிவை நோக்கியும் இருக்கும்படி நிறுத்தி, கொட்டாப்புளியால் சின்னச் சின்னத் தட்டல்கள். உளியைத் திருப்பிப் பிடித்தால் சரிவு கோட்டைத் தாண்டி மரத்தைத் தள்ளிவிடும். தகட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு சந்து தெரியும், அதை மக்கு வைத்து எவ்வளவு அடைத்தாலும் கண்ணில் படும். குறுக்கே வருகிற இரண்டு முனைகளை முதலில் வெட்டினார், நீளப் பக்கத்தைக் கடைசியில். ரேகையோடு ஓங்கி அடித்தால் மரம் பிளந்துபோகும், முனைகள் அறுந்திருந்தால் அந்தப் பிளவு அங்கேயே நின்றுவிடும் என்பதுதான் காரணம்.

எடுக்க வேண்டியது இரண்டரை மில்லிமீட்டர் அகலப் பட்டை, ஆழம் தகட்டின் தடிமன் மட்டும், ஒன்றரை மில்லிமீட்டர். இங்கே அவர் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டார். முன்பு தகடு பதித்தவர் இடத்தில்தான் தவறினாரே தவிர ஆழத்தில் தவறவில்லை. பழைய பள்ளத்தின் தரை மட்டமாகவே இருந்தது. உளியின் தட்டைப் பக்கத்தை அந்தத் தரையிலேயே படிய வைத்து, இடது கைக் கட்டைவிரலால் முனைக்கருகே அழுத்திக்கொண்டு, வலது கையால் கோட்டை நோக்கித் தள்ளினார். பழைய தரையே புதிய தரைக்கு அளவுகோல் ஆகிவிட்டது. காய்ந்த வெங்காயச் சருகுபோல் மரச்சீவல் சுருண்டு எழுந்து, கத்திக்கோட்டைத் தொட்டதும் தானே உதிர்ந்தது. உதிராமல் தொங்கியிருந்தால் கோடு ஆழம் போதவில்லை என்று அர்த்தம். பிய்த்து எடுக்காமல் மறுபடி கத்தியைப் போட வேண்டும்.

தகட்டின் முதுகில் சாக்கட்டியைத் தேய்த்துப் பள்ளத்தில் வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தால் ஒரு மூலையில் மட்டும் வெள்ளை ஒட்டியிருந்தது. அந்த மேட்டை ஒரு சீவு சீவினார். அடுத்த முறை வெள்ளை எங்கும் பரவலாக விழுந்தது. விரல் நுனியால் குறுக்கே தடவிப் பார்க்கச் சொன்னார். மரத்திலிருந்து உலோகத்துக்குப் போனது குளிர்ச்சியில்தான் தெரிந்தது, மேடு பள்ளத்தில் இல்லை. நாக்கு போய் விழுகிற குழியையும் உள்பக்கமாக இரண்டரை மில்லிமீட்டர் அகட்டினார். அது தகட்டுக்கு அடியில் மறைகிற இடம், அதற்குப் பெரிய நகாசு தேவையில்லை.

தகட்டை இப்படிக் கொஞ்சமாக நகர்த்துகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஸ்க்ரூவில். புதிய துளை பழைய துளையை ஒட்டியே வரும். ஸ்க்ரூ வழுக்கிப் பழைய குழிக்கே போய், தகட்டையும் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். அதனால் பழைய துளைகளில் தேக்குக் குச்சியைப் பசை தடவி அடித்து, காய்ந்தபின் மட்டமாக அறுத்து, புதிதாகத் துளையிட்டார். முன்பக்கம் தகடு விலகியதால் தெரிந்த இரண்டரை மில்லிமீட்டர் சந்தில் ரேகை ஒத்துப்போகிற தேக்குச் சீவலை ஒட்டினார். பித்தளை ஸ்க்ரூவை நேரே முடுக்கவில்லை. முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவைப் போட்டு மரத்தில் மரை எடுத்துக்கொண்டு, கழற்றிவிட்டு, மெழுகுவர்த்தியில் தேய்த்த பித்தளையை ஏற்றினார். பித்தளை மென்மையானது, கெட்டி மரத்தில் தலை முறிந்து உள்ளேயே தங்கிவிடும்.

தகடு உள்ளே நகர்ந்ததில் இன்னொரு நல்லதும் நடந்தது. போகிறபோதும் வருகிறபோதும் என் மனைவியின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த அதன் உதடு, நிலையின் ஓரத்தோடு ஓரமாக அடங்கிவிட்டது.

ஆசாரி கதவை மூன்று தரம் சாத்தினார். வேகமாக ஒரு தரம், சாதாரணமாக ஒரு தரம், கடைசியாகக் கைப்பிடியைத் தொடாமல் ஒரே விரலால் தள்ளி. மூன்று தரமும் ஒரே ‘டக்’. பிறகு உள்ளங்கையை வைத்துத் தள்ளி இழுத்தார். விரலுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது என்கிற அளவுக்கு அந்த அரை மில்லிமீட்டர் மட்டும் அசைந்தது.