'இல்லை' என்னும் உறுதி: ப்ளூம் ஃபில்டரும் அதன் வழிவந்த பாணிகளும்

பர்ட்டன் ப்ளூம் 1970இல் வெளியிட்ட கட்டுரை, ஆங்கிலச் சொல்லை வரி முடிவில் எந்த இடத்தில் உடைத்து இணைகோடு போடுவது என்ற கேள்வியைத் தன் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டது. அதில் அவர் வைத்த கணக்குப்படி 5,00,000 சொற்களில் 4,50,000 சொற்களைச் சில எளிய விதிகளாலேயே உடைத்துவிடலாம். எஞ்சிய 50,000 சொற்கள் விதிக்கு அடங்காதவை. அவற்றுக்கு வட்டில் உள்ள அகராதியைப் பார்த்தாக வேண்டும். அந்தச் சொற்களை அப்படியே வைத்துக்கொள்ள அன்றைய நினைவகம் போதாது. ஒவ்வொரு சொல்லுக்கும் வட்டைத் தேடிப் போனாலோ வேலை நகராது. ப்ளூம் சொற்களை வைத்துக்கொள்ளாமல், ஒரு சொல் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடுமா என்பதை மட்டும் சொல்லும் சிறிய அமைப்பு ஒன்றை நினைவகத்தில் வைத்தார். அது 'இல்லை' என்றால் உறுதியாக இல்லை, விதியே போதும். 'இருக்கலாம்' என்றால் வட்டைப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு இல்லை என்று தெரிந்தால் ஒரு வட்டு வாசிப்பு வீண், அவ்வளவுதான். சொல் தவறாக உடையாது. இந்த மரபில் பின்னர் பல பாணிகள் கிளைத்திருக்கின்றன. அவற்றை எடைபோட நினைவகச் சேமிப்பையும் வேகத்தையும் பலர் அளவுகோலாகக் கொள்வதுண்டு. 'இல்லை' என்ற பதில் எந்த நிபந்தனையின் கீழ் உண்மையாக நிற்கிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால், ப்ளூம் ஃபில்டரில் சேர்த்ததை நீக்க முடியாது என்பது பழுதாகத் தோன்றாது. அந்த உறுதியைத் தாங்கும் நிபந்தனையாகவே தெரியும்.

அமைப்பு மிக எளியது. எல்லாம் பூஜ்யமாக உள்ள ஒரு பிட் வரிசை. அதோடு சில ஹாஷ் சார்புகள். ஓர் உறுப்பைச் சேர்க்கும்போது ஒவ்வொரு சார்பும் ஓர் இடத்தைக் காட்டும். அந்த இடங்களில் 1 எழுதுகிறோம். கேட்கும்போது அதே இடங்களைப் பார்க்கிறோம். ஒன்றிலாவது 0 இருந்தால் அந்த உறுப்பு சேர்க்கப்படவே இல்லை. எல்லாம் 1 என்றால் இருக்கலாம். இரண்டு சார்புகள் கொண்ட ஒரு சிறு வரிசையை எடுத்துக்கொள்வோம். 'மதுரை' 3, 7 ஆகிய இடங்களிலும், 'நெல்லை' 7, 12 ஆகிய இடங்களிலும் 1 எழுதின என்று வைப்போம். சேர்க்கப்படாத 'குமரி'யைக் கேட்கிறோம். அதன் இடங்கள் 3, 12. இரண்டிலும் 1 இருப்பதால் ஃபில்டர் 'இருக்கலாம்' என்கிறது. ஒன்று மதுரை எழுதியது, மற்றது நெல்லை எழுதியது. இதுதான் பொய்யான 'ஆம்'. இப்போது மதுரையை நீக்க விரும்பி 3, 7 இரண்டையும் பூஜ்யமாக்கினால், 7 நெல்லைக்கும் உரியது என்பதால், உள்ளே இருக்கும் நெல்லையைக் கேட்டாலும் 'இல்லை' என்ற பதில் வரும். பொய்யான 'ஆம்' வந்தால் வட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பொய்யான 'இல்லை' வந்தால் வட்டைப் பார்க்கவே மாட்டோம். அதனால் பிழை நடந்ததே யாருக்கும் தெரியாது. இரண்டு பிழைகளும் ஒரே பகிர்விலிருந்து பிறக்கின்றன. ஒரு பிட் பலருக்குச் சொந்தமாக இருப்பதால்தான் இடம் மிச்சமாகிறது. அதே காரணத்தால்தான் அது யாருக்குச் சொந்தம் என்பதும் தெரியாமல் போகிறது.

பொய்யான 'ஆம்' எவ்வளவு அடிக்கடி வரும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. m பிட்டுகள், n உறுப்புகள், k சார்புகள் என்றால் வீதம் ஏறத்தாழ இது:

```
p = (1 - e^(-k*n/m))^k
```

அடைப்புக்குள் இருப்பது வரிசையில் 1 ஆகிவிட்ட பிட்டுகளின் பங்கு; அடுக்கு k என்பது ஒரு புதிய உறுப்பின் எல்லா இடங்களும் அப்படிப்பட்ட பிட்டுகளிலேயே விழ வேண்டும் என்பதைக் காட்டுகிறது. பத்து லட்சம் உறுப்புகளுக்கு ஒரு கோடி பிட்டுகளையும் ஏழு சார்புகளையும் வைத்துக் கணக்கிடுவோம். பாதிக்குச் சற்றே மேலான பிட்டுகள் 1 ஆகியிருக்கும். வீதம் சுமார் 0.82 சதவீதம். இவ்வளவுக்கும் செலவு 12.5 லட்சம் பைட்டுகள்தான். அதே வரிசையில் மேலும் பத்து லட்சம் உறுப்புகளைத் திணித்தால் வீதம் 13.8 சதவீதத்துக்கு ஏறுகிறது. முப்பது லட்சத்தில் 40 சதவீதம். ஃபில்டர் இதைச் சொல்லிக்கொண்டு உடைவதில்லை. மெல்ல மெல்லப் பயனற்றதாகிவிடும். கண்டுபிடிக்கும் வழி எளிது: 1 ஆன பிட்டுகளை எண்ணினால் போதும். சரியாக அளவெடுத்த வரிசையில் அவை பாதியளவில் நிற்கும். முக்கால் பங்கைத் தொட்டுவிட்டால் நினைத்ததைவிட அதிக உறுப்புகள் ஏறிவிட்டன என்று பொருள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த வீதம் உள்ளே இல்லாத வெவ்வேறு உறுப்புகளைப் பற்றியது. குமரியை ஆயிரம் முறை கேட்டால் ஆயிரம் முறையும் 'இருக்கலாம்' என்றே வரும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் இடத்தில் சராசரி காப்பாற்றாது.

நீக்கத்தின் சேதத்தையும் இதே வரிசையில் அளந்துவிடலாம். பத்து லட்சம் உறுப்புகள் ஏழேழு இடங்களாக 70 லட்சம் முறை எழுதியிருக்கின்றன. ஒரு கோடி பிட்டுகளில் அவை பரவியுள்ளன. ஆகவே எந்த ஒரு பிட்டை எடுத்தாலும் மற்றவர்கள் அதில் சராசரியாக 0.7 முறை எழுதியிருப்பார்கள். ஓர் உறுப்பை நீக்க ஏழு பிட்டுகளைத் துடைத்தால், கிட்டத்தட்ட ஐந்து பிற உறுப்புகள் அதோடு காணாமல் போகின்றன. பத்தாயிரம் உறுப்புகளை, அதாவது நூற்றில் ஒன்றை, நீக்கினால் எஞ்சியவற்றில் 47,000க்கு மேல் 'இல்லை' ஆகிவிடும். அரிதாக நேரும் விபத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. நன்றாக அளவெடுத்த ஃபில்டரில்தான் பிட்டுகள் நெருக்கமாகப் பகிரப்படுகின்றன. அங்கே சேதம் கட்டாயம் நேரும். வேறு எவரும் எழுதாத பிட்டுகளை மட்டும் துடைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். எது அப்படிப்பட்ட பிட் என்று அறிய, மற்ற எல்லா உறுப்புகளும் கையில் இருக்க வேண்டும். அவை கையில் இருந்தால் ஃபில்டரே தேவையில்லை.

'பிட்டுக்குப் பதிலாக எண்ணியை வைத்தால் தீர்ந்தது' என்பதுதான் வலுவான மறுப்பு. 1998இல் லீ ஃபான், பெய் காவ், ஜுசாரா அல்மெய்டா, ஆண்ட்ரெய் ப்ரோடர் ஆகியோர் அதைச் செய்தும் காட்டினார்கள். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் ப்ராக்ஸி சர்வர்கள், தம்மிடம் உள்ளவற்றின் சுருக்கத்தைப் பக்கத்து ப்ராக்ஸிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. பழைய பக்கங்கள் ஓயாமல் வெளியேறும் இடம் அது. நீக்கம் இல்லாமல் தீராது. ஒவ்வோர் இடத்திலும் நான்கு பிட் எண்ணி வைத்து, சேர்க்கும்போது கூட்டி, நீக்கும்போது கழித்தார்கள். ஆனால் அந்த எண்ணிகளை ஒவ்வொரு ப்ராக்ஸியும் தன்னிடமே வைத்துக்கொண்டது. அண்டையில் இருப்பவர்களுக்குப் போனது பழைய பிட் வரிசைதான். நீக்கத்தின் செலவு எவ்வளவு என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது: நமது ஒரு கோடி இடங்கள் இங்கே நான்கு மடங்கு நினைவகம் கேட்கும். எண்ணி 15ஐத் தொட்டால் அதற்குமேல் அதை நம்பிக் கழிக்கக்கூடாது. அப்படியே நிறுத்திவிட வேண்டும்.

செலவைவிட நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உண்மையில் சேர்த்ததை மட்டுமே கழிக்க வேண்டும். குமரி உள்ளே இல்லை. ஆனால் ஃபில்டர் 'இருக்கலாம்' என்றதை நம்பி யாரோ அதை நீக்கினால், மதுரையின் எண்ணி ஒன்றும் நெல்லையின் எண்ணி ஒன்றும் குறைந்து, இரண்டும் மறைந்துவிடக்கூடும். குமரி உள்ளே இருக்கிறதா என்று ஃபில்டரிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு உறுதியான பதில் சொல்லத்தான் அதற்குத் தெரியாதே. எனவே உண்மையான பட்டியல் வேறெங்காவது இருந்தாக வேண்டும். ப்ராக்ஸியிடம் பக்கங்களே இருந்தன. அதனால் அங்கே இந்தப் பாணி செல்லுபடியானது.

கைரேகைப் பாணி என்று சொல்லத்தக்க அடுத்த கிளையில், பகிர்ந்த பிட்டுகளுக்குப் பதிலாக ஒவ்வோர் உறுப்பின் சுருக்கமான அடையாளமும் தனித்தனியே வைக்கப்படுகிறது. 2014இல் பின் ஃபான், டேவிட் ஆண்டர்சன், மைக்கேல் காமின்ஸ்கி, மைக்கேல் மிட்சன்மாக்கர் ஆகியோர் தந்த குக்கூ ஃபில்டர் இதில் பெயர் பெற்றது. ஓர் அடையாளத்துக்கு இரண்டு பெட்டிகள் உண்டு. இடமில்லையென்றால் அங்கிருப்பதை அதன் மறு பெட்டிக்குத் தள்ளிவிட்டு அமரும். நீக்குவதென்றால் அந்த அடையாளத்தின் ஒரு பிரதியை எடுத்துவிட்டால் போதும். பொய்யான 'ஆம்' 3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டுமென்றால் ப்ளூம் ஃபில்டரைவிடக் குறைந்த இடத்திலேயே இதைச் செய்கிறது. இது பெரிய சாதனைதான். இருந்தாலும் இரண்டு உறுப்புகளுக்கு ஒரே அடையாளமும் ஒரே பெட்டிகளும் அமையலாம். சேர்க்காததை நீக்கினால் சேர்த்தது போய்விடும். நிபந்தனை மாறவில்லை. கூடவே, நிரம்பிவிட்டால் புதிய உறுப்பைச் சேர்க்கவே மறுக்கும். ப்ளூம் ஃபில்டர் மங்கிப்போகுமே தவிர, எதையும் ஏற்க மறுப்பதில்லை.

இந்த மரபின் முதன்மைப் பாணி என்று நான் கருதுவது தரவுத்தளங்களில் இருக்கிறது. கூகுளின் பிக்டேபிள், அதன் வழியில் வந்த லெவல்டிபி, ராக்ஸ்டிபி ஆகியவை நீக்கத்தை ஃபில்டரிடம் கொண்டுபோவதே இல்லை. பதிவுகள் வட்டில் பல கோப்புகளாக எழுதப்படுகின்றன. எழுதியபின் எந்தக் கோப்பும் மாறாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபில்டர் உண்டு. ஒரு பதிவைத் தேடும்போது புதிய கோப்பிலிருந்து பழையதை நோக்கிப் போகிறோம். 'இல்லை' என்று ஃபில்டர் சொன்ன கோப்பைத் திறப்பதில்லை. ஒரு பதிவை அழிக்க விரும்பினால், அழிக்கப்பட்டது என்ற குறிப்பு ஒன்று புதிய கோப்பில் எழுதப்படுகிறது. அந்தக் குறிப்பின் பெயரும் புதிய கோப்பின் ஃபில்டரில் சேர்க்கப்பட வேண்டும். சேர்க்காவிட்டால் ஃபில்டர் 'இங்கே இல்லை' என்று சொல்லும். தேடல் அந்தக் கோப்பைத் தாண்டிப் பழைய கோப்புக்குப் போகும். அழித்த பதிவு உயிரோடு திரும்பிவரும். அழிப்பதற்கே ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பின்னர் கோப்புகள் ஒன்றாக இணைக்கப்படும்போது பழைய மதிப்பு விழுந்துவிடுகிறது. அடியில் வேறு பழைய பிரதி இல்லையென்றால் குறிப்பும் விழுகிறது. எஞ்சியவற்றுக்குப் புதிய ஃபில்டர் கட்டப்படுகிறது. எப்படியும் எல்லாப் பதிவுகளையும் ஒருமுறை படிக்கிற வேளை அது. உண்மையான பட்டியல் கண்முன்னே ஓடுகிறது. ஃபில்டரை மீண்டும் கட்ட அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

மறுகட்டுமானம் வீண் செலவு என்று வாதிடுவோர் உண்டு. கோப்புகளை இணைக்கும் வேலை ஏற்கெனவே நடக்காத இடத்தில் அந்த வாதம் சரியே. அங்கே குக்கூ ஃபில்டரைத் தேர்ந்தால் நான் எதிர்க்க மாட்டேன், நீக்குவோர் உண்மையான பட்டியலைப் பார்த்துத்தான் நீக்குகிறார்கள் என்றால். இணைப்பு நடக்கும் இடத்திலோ போக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. ஒரு சதவீதப் பிழைக்கு ப்ளூம் ஃபில்டர் ஓர் உறுப்புக்கு 9.6 பிட் கேட்கிறது; கோட்பாட்டின் கீழெல்லை 6.64. இந்த இடைவெளியைக் குறைக்க ராக்ஸ்டிபியில் பின்னாளில் வந்த ரிப்பன் ஃபில்டர், கட்டி முடித்த பிறகு புதிய உறுப்பைச் சேர்க்கும் வசதியையும் விட்டுவிட்டது. எல்லா உறுப்புகளையும் முன்கூட்டியே பெற்று, அவற்றைச் சமன்பாடுகளாகத் தீர்த்து, அதே பிழை வீதத்துக்கு ஏறத்தாழ 30 சதவீத இடத்தை மிச்சப்படுத்துகிறது. பதிலுக்குக் கட்டும்போது சிபியு நேரம் கூடுதலாகச் செலவாகிறது. மாறாத கோப்புக்கு இந்தப் பேரம் பொருந்துகிறது. நொடிக்கு நொடி புதிய உறுப்பு வந்துகொண்டிருக்கும் இடத்தில் இன்றும் 1970இன் பிட் வரிசையே பொருத்தமானது.