பெரிய எழுத்து என்று மேலே போட்டால் போதுமா?

கண்புரை அறுவை முடிந்து சித்தி வீட்டுக்குக் கிளம்பியபோது ஒரு தாளைக் கொடுத்தார்கள். சொட்டு மருந்து போடும் அட்டவணை. மேலே "பெரிய எழுத்துப் பிரதி" என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. மறுநாள் காலையில் போன். "டேய், முதல் வாரம் ஆறு தடவையா எட்டு தடவையா? மசமசன்னு இருக்கு."

போய்ப் பார்த்தேன். எனக்கே சட்டென்று தெரியவில்லை. தாளில் இருந்தது 6. நடுவில் இருந்த வெளுத்த கட்டப் பட்டை அந்த 6ஐக் கிட்டத்தட்ட 8 ஆக்கியிருந்தது.

இந்தத் தாள் எப்படிப் பெரிதானது என்பது கோப்பிலேயே இருந்தது. அதே அட்டவணையின் A5 அளவுத் தாளும் உள்ளே இருந்தது. அதை ஜெராக்ஸில் 141 சதவீதம் பெருக்கி A4 ஆக்கியிருக்கிறார்கள். ஏழு பத்திகளை A5க்குள் திணிக்க மூலத்தில் எழுத்தை 9 புள்ளிக்குக் குறைத்திருந்தார்கள். 9ஐ 1.41ஆல் பெருக்கினால் 12.7. பெரிய எழுத்துப் பதிப்பு என்றால் 16 முதல் 18 புள்ளியாவது வேண்டும் என்பதுதான் பார்வைக் குறைவுக்கான பரவலான அளவுகோல். ஆக இது பெரிய எழுத்தே இல்லை. சாதாரண எழுத்துதான், கொஞ்சம் அழுக்காக.

ஆனால் அளவைவிட என்னை அதிகம் உறுத்தியது மாறுபாடு. மூலத்தில் இளநீலப் பட்டைமேல் கருநீல எழுத்து. திரையில் அழகாகத்தான் இருந்திருக்கும். புரை படிந்த விழிலென்ஸ் மஞ்சளித்து நீல ஒளியைக் குறைவாகவே உள்ளே விடும். ஒளியைச் சிதறவும் அடிக்கும். சித்திக்கு இன்னொரு கண்ணில் புரை அப்படியே இருக்கிறது. அறுவை செய்த கண்ணோ சில நாள் தெளியாது. அப்படிப்பட்டவரிடம் நீலத்தின்மேல் நீலத்தை நீட்டுவதும், அதையே ஜெராக்ஸ் எடுத்துச் சாம்பல்மேல் சாம்பலாக்குவதும் கண் மருத்துவம் தெரிந்த இடத்தில் நடக்கக் கூடாத காரியம்.

இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. "கண்" என்பதில் ண-வின் சுழிகள் மூடிக்கொண்டு ன போலத் தெரிந்தாலும் சித்தி சரியாகவே வாசித்துவிடுகிறார். சுற்றியுள்ள சொற்கள் காப்பாற்றிவிடும். எண்ணுக்கு அந்தத் துணை கிடையாது. 6 என்றாலும் பொருந்தும், 8 என்றாலும் பொருந்தும். அட்டவணையில் இருந்த முக்கியமான தகவலெல்லாம் எண்கள்தான்.

லிப்ரே ஆபிஸில் நானே செய்து பார்த்தேன். முதல் முயற்சி தோல்வி. அதே அட்டவணையை A4 தாளில் குறுக்காகப் போட்டு 20 புள்ளி கொடுத்தேன். ஓரம் போக 257 மில்லிமீட்டர். ஏழு பத்திக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 36 சொச்சம். "பிற்பகல் 1 மணி" உடைந்து மூன்று வரியானது. அப்போதுதான் புத்தி வந்தது: அட்டவணையையே தூக்கிவிட வேண்டும்.

வாரத்துக்கு ஒரு பக்கம் என்று வைத்தேன். மேலே "முதல் வாரம்: ஒரு நாளைக்கு 6 (ஆறு) தடவை". கீழே ஒவ்வொரு நேரமும் தனி வரி: காலை 7, காலை 10, பிற்பகல் 1 என்று இரவு 10 வரை. எண்ணை எழுத்திலும் போட்டது வேண்டுமென்றேதான். 6 மங்கினாலும் "ஆறு" மங்காது. நோட்டோ சான்ஸ் தமிழ், 20 புள்ளி, மீடியம் கனம். போல்டு போட்டால் ண, ன சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. வரி இடைவெளி 1.5, இதைவிடக் குறைத்தால் மேல்வரியின் கீழ்க்கொக்கியும் கீழ்வரியின் புள்ளியும் முட்டுகின்றன. இடப்பக்கம் மட்டும் சீர். இருபக்கமும் சீராக்கினால் நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழுகிறது. பளபளக்காத தாளில் கறுப்பு மை. ஆறு வாரத்துக்கு ஆறு தாள் ஆனது. சித்தப்பாவுக்கு அது வீண்செலவு.

அச்செடுத்தபோது இன்னொரு கோளாறு. பிரிண்டர் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற நிலையில் இருந்ததால் எல்லாவற்றையும் சுருக்கிவிட்டது. பார்வைக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பக்க அடியிலும் 5 செ.மீ. கோடு ஒன்று போட்டிருந்தேன்; ஸ்கேல் வைத்தால் 4.6தான் வந்தது. 100 சதவீதம் என்று மாற்றியதும் சரியானது.

மருந்தளவை நான் பெயர்த்தெழுதியிருக்கிறேன் என்பதால், கொடுப்பதற்கு முன் ஆறு தாளையும் அங்கேயே செவிலியரிடம் காட்டி மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுக்கொண்டேன். பிறகு சித்தியைச் சாயங்கால வெளிச்சத்தில் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். எண்ணில் தடுமாற்றம் இல்லை. "பிற்பகல்" என்ற இடத்தில் மட்டும் நின்று, "மத்தியானம்னு போட்டா என்னடா?" என்றார். மாற்றிவிட்டேன்.