நுழைவு ஆட்டமும் விலைப்போர் மிரட்டலும்: சுதேசிக் கப்பல் கம்பெனியை முன்வைத்து ஒரு விமர்சனம்

ஒரு சந்தையை ஒரே நிறுவனம் ஆண்டுவருகிறது. புதிய நிறுவனம் ஒன்று உள்ளே வர நினைக்கிறது. வந்தால் விலையை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவோம் என்று பழைய நிறுவனம் மிரட்டுகிறது. இந்த மிரட்டலை நம்பலாமா என்பதை ஆட்டக் கோட்பாடு பின்னோக்கு உய்த்தறிதல் என்னும் முறையால் ஆராய்கிறது. ஆட்டத்தின் கடைசி முடிவை முதலில் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து தொடக்கத்தை நோக்கி வருவதே இம்முறை.

பாடநூல் விடை

பழைய நிறுவனம் தனித்து நின்றால் ஆண்டுக்கு 10 பங்கு இலாபம் பெறுகிறது என்று கொள்வோம். புதியவரோடு சந்தையைப் பகிர்ந்தால் அதற்கு 5, புதியவருக்கு 3. விலைப்போர் நடந்தால் பழையவருக்கு 2, புதியவருக்கு 4 நட்டம். கடைசி முடிவு பழையவருடையது. புதியவர் நுழைந்துவிட்டபின் 5 பங்கு இலாபத்தை விட்டு 2 பங்கு நட்டத்தை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஆகவே மிரட்டல் வெற்று மிரட்டல். இதை அறிந்த புதியவர் துணிந்து நுழைவார்.

தூத்துக்குடியில் நடந்தது

தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆதிக்கம் செலுத்திவந்தது. 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 10 லட்சம் ரூபாய் மூலதனத்தில், 25 ரூபாய்ப் பங்குகளாக, சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன.

பாடநூல் விடைப்படி ஆங்கிலேயக் கம்பெனி இணங்கிப் போயிருக்க வேண்டும். ஆனால் அது கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. இலவசப் பயணத்தோடு குடையும் தருவதாக ஆங்கிலேயக் கம்பெனி அறிவித்ததென வ. உ. சி.யின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. வெற்று மிரட்டல் என்று கணக்கு சொன்னது உண்மையிலேயே நடந்தேறியது.

பிழை முறையிலா, படத்திலா?

பிழை பின்னோக்கு உய்த்தறிதலில் இல்லை; ஆட்டத்தை முன்கூட்டியே முடித்துவிட்டதில் இருக்கிறது. மேலே கண்ட கணக்கு விலைப்போரோடு நின்றுவிடுகிறது. உண்மையில் அதன்பின் இன்னொரு முடிவு உண்டு: புதியவர் தொடர்வதா, விலகுவதா?

அதே எண்களை மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிப் பார்க்கலாம். பகிர்ந்துகொண்டால் பழையவருக்கு மொத்தம் 15. ஓராண்டுப் போருக்குப்பின் புதியவர் விலகுவார் என்றால், முதலாண்டு 2 நட்டம், பிறகு இரண்டு ஆண்டுகளில் 20 இலாபம், மொத்தம் 18. இப்போது போரே இலாபகரமானது. மிரட்டலும் நம்பத்தக்கதாகிறது. ஆனால் புதியவர் இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடிப்பார் என்றால், பழையவருக்குக் கிடைப்பது 6 மட்டுமே. அப்போது இணங்கிப் போவதே மேல்.

ஆகவே ஒரு மிரட்டலை எடைபோடும்போது, போரில் பழையவருக்கு நட்டமா என்று மட்டும் கேட்பது போதாது. புதியவரால் எத்தனை காலம் தாங்க முடியும், அதைப் பழையவர் எவ்வளவென்று மதிப்பிடுகிறார் என்றும் கேட்க வேண்டும். சுதேசிக் கம்பெனிக்குப் பயணிகளின் தேசப்பற்று துணை நின்றது. குறைந்த கட்டணத்துக்கு மயங்காதவர்கள் இருந்தவரை அதன் தாங்கும் காலம் நீண்டது. ஆனால் பல வழித்தடங்களில் கப்பல் விட்ட போட்டியாளரால் ஒரு வழித்தடத்தின் நட்டத்தை மற்றவற்றின் வருவாயால் ஈடுகட்ட முடிந்தது. இரு கப்பல்களை நம்பிய கம்பெனிக்கு அந்த வசதி இல்லை.

பல சந்தைகளின் புதிர்

ஓரிடத்தில் போரிட்டால் மற்ற இடங்களில் புதியவர்கள் அஞ்சுவார்கள் என்றும் ஒரு விளக்கம் உண்டு. ரெய்ன்ஹார்ட் செல்ட்டன் 1978-இல் இதைச் சோதித்தார். 20 ஊர்களில் கடை வைத்திருப்பவர் கடைசி ஊரில் போரிட மாட்டார். பிறகு அச்சுறுத்த யாரும் இல்லை. அப்படியானால் 19-ஆம் ஊரிலும் போரிடுவதில் பயனில்லை. இவ்வாறே முதல் ஊர்வரை கணக்கு சரிந்துவிடும். தருக்கம் பிழையற்றது; ஆயினும் அனுபவத்துக்கு ஒவ்வாதது என்பதால் இதைப் புதிர் என்றார். 1982-இல் வெளிவந்த ஆய்வுகள் இதற்கு வழி கண்டன: பழையவர் நட்டத்தையும் பாராமல் போரிடும் இயல்பினரோ என்ற சிறு ஐயம் இருந்தாலே, அந்தப் பெயரைக் காத்துக்கொள்ள அவர் தொடக்கத்தில் போரிடுவது அறிவுடைமையாகிவிடும்.

கணக்கின் எல்லை

நீட்டிய கணக்கும் தூத்துக்குடியை முழுமையாக விளக்காது. 1908 மார்ச்சில் வ. உ. சி. கைது செய்யப்பட்டார், ஜூலையில் ஆயுள் தண்டனை பெற்றார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. ஆட்டத்தில் இருவர் மட்டும் இல்லை, அரசும் இருந்தது. புதியவரின் தாங்கும் காலத்தைக் கட்டணம் மட்டும் முடிவு செய்யவில்லை, சிறைக்கதவும் முடிவு செய்தது. எனவே இந்த வீழ்ச்சியை விலைப்போரின் வெற்றி என்று மட்டும் எழுதுவது, ஆட்டக்காரர் ஒருவரை விட்டுவிட்டு விடை காண்பதாகும்.