பிறப்புக்கு முன்பா, பின்பா? யாழ்ப்பாணத்திலும் ஈரோட்டிலும் குழந்தைத் துணித் தையல்

வீட்டிலிருந்தே பச்சைக்குழந்தைத் துணி தைத்து விற்கும் பெண்களுக்கு யாழ்ப்பாணத்திலும் ஈரோட்டிலும் தையல் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது காலம். அங்கே யாழ்ப்பாணத்தில் பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஓர்டர் வந்துவிடும். இங்கே ஈரோட்டில் பெரும்பாலும் பிறந்த பிறகுதான் வரும். என்ன தைப்பது, எத்தனை தைப்பது, துணிக்கு யார் காசு போடுவது என்பதெல்லாம் இந்த ஒன்றைப் பொறுத்தே அமைகின்றன.

முதலில் பொதுவானதைப் பார்ப்போம். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சராசரியாக 34 செ.மீ. அளவில் இருக்கும். மார்பு அதைவிடச் சற்றுக் குறைவு. கழுத்து நிற்காத குழந்தைக்குத் தலைவழியாகச் சட்டை போடுவது சிரமம். ஆகவே இரு ஊரிலும் முதல் சட்டை முன்பக்கம் முழுக்கத் திறந்து, நாடாவால் கட்டுவதாக இருக்கும். பொத்தானும் மணியும் வேண்டாம். பிய்ந்தால் வாய்க்குப் போகும். துணி முழுப் பருத்திதானா என்று அறிய, ஓரத்து நூலைக் கொளுத்திப் பார்ப்பார்கள். பருத்தி சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் கலந்தது உருகிக் கெட்டியான உருண்டையாகும்.

யாழ்ப்பாணத்தில் பேறுக்குப் போகும் தாய் பிள்ளைக்குரிய உடுப்பையும் பையில் கொண்டுபோகிறாள். அதனால் ஏழாம் எட்டாம் மாதத்திலேயே சட்டை, நப்பி, தொப்பி, சிறு விரிப்பு எல்லாம் தயாராக வேண்டும். பெரும்பாலும் வெள்ளை; கணக்கு டசனில். நப்பி மடித்துத் தைத்த சதுரத் துணிதான் என்பதால் தையற்கூலி குறைவு. சட்டையின் நெஞ்சில் போடும் ஸ்மொக்கிங்கும் கைப்பூவேலையுமே காசு தரும். அவகாசம் இருப்பதால் அதற்கு நேரமும் கிடைக்கிறது. துணி பெரும்பாலும் இறக்குமதி. 2022இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது, முன்கூட்டி விலை பேசியவர்களுக்குக் கை கடித்தது. துணியை வாடிக்கையாளரே வாங்கித் தர, கூலியை மட்டும் பேசிக்கொள்வது அங்கே பாதுகாப்பான வழி. 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு வண்ணச் சட்டைப் பரிசு இன்னொரு சிறு வியாபாரம்.

தமிழ்நாட்டில் பிறக்கும் முன்னே புதுத்துணி வாங்கக் கூடாது என்று பாட்டிமார் இன்றும் தடுப்பார்கள். முதல் நாட்களில் பழைய வேட்டியும் பழைய பருத்திச் சேலையும்தான். புதுச் சட்டை 11, 16 அல்லது 30ஆம் நாள் பெயர்சூட்டுக்கு வரும். பரிசு கொடுக்கும் அத்தை, மாமா பத்து நாளில் கேட்பார்கள். பின்னலாடையில் திருப்பூரோடு விலையில் போட்டி போட முடியாது. மல் துணியில் தைக்கும் ஜப்லா, தொப்பி, மெத்தை, தூளி சேர்ந்த செட்டில்தான் வீட்டுத் தையலுக்கு இடம்.

அவசர ஓர்டருக்கு ஒரே வழி, துணியை முன்பே துவைத்து வெட்டி வைப்பது. 44 அங்குல அகல மல் துணி ஒரு மீட்டரை நனைத்துக் காயவைத்தால் ஏறக்குறைய 42க்கு 37 அங்குலம் மிஞ்சும். கையில்லா ஜப்லாவுக்கு முதுகு 10 அங்குலம், முன்துண்டு இரண்டும் ஐந்தைந்து, நீளம் மடிப்போடு 12. ஒரு வரிசைக்கு இரண்டாக மூன்று வரிசையில் ஆறு ஜப்லா வரும். பலர் தவறவிடுவது அடுத்த கணக்கை: கழுத்து, கைக்குழி, முன்விளிம்பு எல்லாவற்றுக்கும் பைப்பிங்கும் நாடாவும் வெட்ட இன்னும் கிட்டத்தட்ட அரை மீட்டர் வேண்டும். ஒரு மீட்டர் விலையை ஆறால் வகுத்து விலை வைத்தவருக்கு லாபம் அங்கேயே போய்விடும். துவைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே பைப்பிங் சுருங்கி விளிம்பு சுருக்கம் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

தூளியில் மட்டும் இரு ஊரும் மீண்டும் ஒன்றாகின்றன. இங்கே தூளி, அங்கே ஏணை. இரண்டுக்கும் வழக்கம் வீட்டுச் சேலைதான். தைத்து விற்பது கம்பியும் ஸ்பிரிங்கும் கோக்க மடிப்புக்குழல் வைத்த தூளி. பாரம் முழுவதும் அந்த மடிப்பில்தான் இறங்கும். ஒற்றைத் தையல் போதாது; துணியை இரண்டாக மடித்து, பக்கத்துப் பக்கத்தில் மூன்று வரி போட்டு, முனைகளில் பெட்டித் தையல் போட வேண்டும். கொடுக்கும் முன் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்து இரவு முழுக்கத் தொங்கவிட வேண்டும். காலையில் ஊசித்துளைகள் நீண்டு வெளிச்சம் தெரிந்தால் அந்தத் துணி தூளிக்கு ஆகாது.

ஆகவே ஓர்டர் எடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது பேறு நாள். அதற்கு முன் வேண்டுமென்றால் வெள்ளை, டசன் கணக்கு, கூலி வேலை. பின் வேண்டுமென்றால் செட், வண்ணம், சொந்த முதல். அளவும் மாறும்: மருத்துவமனைப் பைக்குப் பிறந்த அளவு சரி, 30ஆம் நாள் பரிசுக்கு ஒரு அளவு கூட்டியே வெட்ட வேண்டும்.