சீஆர் புத்தகத்து நடுப்பக்கம்

பசறைப் பக்கத் தோட்டமொன்றில், உயர்தரம் எழுதும் தங்கச்சி ஒருத்தியின் சீஆர் புத்தகத்தை அண்மையில் பார்த்தேன். நடுப்பக்கத்தில் கோடு போட்டு, பல்கலைக்கழகம், கல்வியியற் கல்லூரி, இந்தியப் புலமைப்பரிசில் என்று விண்ணப்பங்களை வரிசையாக எழுதியிருந்தாள்.

எனக்குப் பிடித்தது திகதிப் பத்திகள்தான். முடிவுத் திகதிக்குப் பக்கத்தில் 'என் திகதி' என்று இன்னொன்று, பத்து நாள் முந்தி. லயத்துக்குக் கடிதம் வந்துசேரும் வேகம் தெரிந்த பிள்ளை!

அதற்கடுத்து 'பெயர்' என்றொரு பத்தி. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறெழுத்து என்பது இங்கே வழமை. திருத்த வாரக்கணக்காகும் என்பதால் அதைத்தான் முதலில் சரிபார்த்திருக்கிறாள்.

இந்தியப் புலமைப்பரிசிலுக்கு 500 சொற்களில் ஆங்கிலக் கட்டுரை வேண்டும். முதல் வரைவைப் பரீட்சைக்கு ஆறு கிழமை முந்தியே முடித்து, ஆங்கில டீச்சரிடம் கொடுத்துவிட்டாள். சிபாரிசுக் கடிதமும் அப்போதே கேட்டாயிற்று. பாடசாலை விடுமுறை விட்டால் டீச்சரை எங்கே தேடுவது? பிறகு பரீட்சை முடியும்வரை கட்டங்கள் வெறுமை. இரண்டு வினாத்தாள்களுக்கு நடுவே நான்கு நாள் இடைவெளி இருந்தும் அங்கே எதையும் எழுதவில்லை.

"அந்த நாள்ல கட்டுரைய தொட்டா பொருளியல் போயிரும் அக்கா" என்றாள்.

கடைசி வினாத்தாள் முடிந்து மூன்றாம் நாள், பென்சிலால்: 'ரெண்டாம் வரைவு. சத்தமா வாசிக்கணும்.'